சம்பளப் பட்டியலில் ‘வாரம் 1’ எது?

கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வாரக்கூலிப் பட்டியல் போடுகிறவர்கள் 2027 ஜனவரியில் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஐ.எஸ்.ஓ. முறையில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும். வருஷத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அதுதான் வாரம் 1. வாரத்தின் ஏழு நாளில் குறைந்தது நாலு நாள் புது வருஷத்தில் வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் 2026-இன் 53-ஆம் வாரம். ஜனவரி 4 திங்கள்தான் வாரம் 1. ஆனால் எக்செல்லில் வெறும் `WEEKNUM` போட்டால் அதே திங்களை 2 என்று காட்டும். வருஷம் முழுக்க ஐ.எஸ்.ஓ. வார எண் போட்ட டைரியோடு இடிக்கும். தேதி A2 கட்டத்தில் இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=ISOWEEKNUM(A2)
```

பட்டியலில் வார எண்ணோடு தொடக்கத் தேதியையும் கட்டாயம் எழுதுங்கள். கூலி வாங்குகிறவர் சரிபார்ப்பது தேதியைத்தான்.