14 வயதில் குட்டையாக இருக்கும் பையன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை ஓர் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “கோச், உயர்நிலை இரண்டு வந்துட்டான், இன்னும் எல்லாருக்கும் தோள் அளவுதான் இருக்கான். வேகப்பந்தை விட்டுட்டு ஸ்பின்னுக்கு மாத்திடலாமா?” என்றார். இந்த அவசரம்தான் முதல் தவறு.

பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் வேகமாக வளர்கிறார்கள். சிலருக்கு அது 15க்குத் தள்ளிப்போகும். 12 வயதிலேயே வளரத் தொடங்கியவனின் எலும்பு நுனிகளில் உள்ள வளர்தகடு சீக்கிரம் மூடத் தொடங்கும். தாமதமாகத் தொடங்குபவனுக்கு அது திறந்தே இருக்கும். அதனால்தான் மற்றவர்கள் நிற்கும்போது இவன் கிடுகிடுவென உயர்ந்து, சிலரைத் தாண்டியும் போகிறான். எல்லாரும் தாண்டுவதில்லை, பெற்றோர் உயரமும் கணக்கில் உண்டு. அந்த அப்பாவே, “நானும் தேசியச் சேவைக்குப் போன பிறகுதான் வளர்ந்தேன்” என்றார். பதில் அவரிடமே இருந்தது!

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் ஜனவரியில் 150 செ.மீ. இருந்தான். ஏப்ரலில் 151. உயரம் ஏறவில்லை, ஆனால் ஷூ மட்டும் இரண்டு சைஸ் கூடியிருந்தது. பாதம்தான் முதலில் வளரும், அப்புறம் கால், கடைசியில் உடம்பு. ஜூலையில் 154, அக்டோபரில் 157. அந்த ஆறு மாதத்தில் ஓட்டப் படிகளின் கணக்கு தப்பி, ஓவருக்கு இரண்டு நோபால் போட்டான். நான் சோம்பல் என்று நினைத்துக் கூடுதல் ஓவர் போட வைத்தேன். உண்மையில் கால் நீண்டுவிட்டது, தசை பலம் இன்னும் வந்து சேரவில்லை. அது சில மாதம் பின்தங்கித்தான் வரும். நவம்பரில் இடுப்புக்கு மேல், முதுகின் ஒரு பக்கம் வலிக்கிறது என்றான். ஸ்கேனில் முதுகெலும்பில் அழுத்த முறிவு. மாதக்கணக்கில் பந்தைத் தொடவில்லை.

அதனால் மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறினால் வேகப்பந்து ஓவர்களைக் குறைப்பேன், ஓட்டப் படிகளைப் புதிதாக அளப்பேன். தயவுசெய்து அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வெளியே வேறு கிளப்பில் போட வைக்கவும் வேண்டாம். குனியும்போதோ பின்னால் வளையும்போதோ முதுகு வலித்தால் தைலம் தேய்த்து அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“வளர்ற பையன்” என்று பெரிய மட்டை வாங்குவதும் வேண்டாம். இன்றைய உயரத்துக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

ஒன்று மட்டும்: 14 முடிந்தும் பருவமடைவதற்கான எந்த அறிகுறியும் இல்லையென்றால் காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

உயரத்தைக் காலையில், ஷூ இல்லாமல், ஒரே சுவரில் அளந்து, மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஷூ சைஸையும் சேர்த்து.

உங்கள் கோச்