கம்பம் காய்கறி ஷீட்டை நாலு டேபிளாகப் பிரிப்பது

கம்பத்திலிருந்து குமுளி, கட்டப்பனை கடைகளுக்குக் காய்கறி அனுப்புபவர்களின் எக்செல் ஷீட்டில் பில் எண், தேதி, கடை, ஊர், போன், சரக்கு என்று இருக்கும். சரக்குக் கட்டத்தில் “தக்காளி 3 பெட்டி 400, முருங்கை 20 கிலோ 60” என எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

முதலில் அதை உடைத்து, ஒரு காய்க்கு ஒரு வரி போடுங்கள். டேட்டாபேஸ் டேபிள்களை ஒழுங்காகப் பிரிக்கும் படிகளில் இது முதல் நார்மல் ஃபார்ம். இனி பில் எண்ணும் காயும் சேர்ந்தால்தான் ஒரு வரியை அடையாளம் காண முடியும்.

தேதி, கடை, ஊர், போன் தெரிய பில் எண் மட்டுமே போதும். அதனால் அவை பில் டேபிளுக்கு. பெட்டியா கிலோவா என்பது காயைப் பொறுத்தது, அது காய் டேபிளுக்கு. இது இரண்டாவது நார்மல் ஃபார்ம். விலையை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். தக்காளி விலை தினமும் மாறும்; காய் டேபிளில் திருத்தினால் பழைய பில் தொகையெல்லாம் மாறிவிடும்.

அப்புறம், ஊரும் போனும் பில்லை நேராகச் சார்ந்தவை அல்ல, கடையைச் சார்ந்தவை. கடைக்கும் காய்க்கும் ஓர் எண் கொடுத்து, ஊரையும் போனையும் தனியே எடுத்தால் மூன்றாவது நார்மல் ஃபார்ம்:

```
பில்(பில்_எண், தேதி, கடை_எண்)
கடை(கடை_எண், பெயர், ஊர், போன்)
காய்(காய்_எண், பெயர், அளவு_வகை)
பில்_வரி(பில்_எண், காய்_எண், அளவு, விலை)
```

ஒரே கடையின் ஊர் ‘குமுளி’, ‘குமிளி’ என இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் கடை டேபிளில் இரண்டு வரி வரும். எண் கொடுக்கும் முன்பே அதைச் சேர்த்துவிடுங்கள்.