கிணறு வெட்டுறதுக்கு முன்னாடி நீர்மட்டம் பாக்குறது எப்படி (போர்ல நிக்கிற தண்ணிய நம்பி நான் போட்ட தப்புக் கணக்கோட)

போன தடவ கிணறு வெட்டின கதைய எழுதினதுல இருந்து நிறைய பேரு கேக்குறது ஒரே கேள்வி தான், "எத்தன அடியில தண்ணி கிடைக்கும்னு முன்கூட்டியே எப்படி தெரிஞ்சிக்கிறது". எங்க காடு ராசிபுரம் பக்கம், மேல கொஞ்சம் மண்ணு, அதுக்கு கீழ கையால உடைக்கிற மாதிரி இத்துப்போன பாறை, அதுக்கும் கீழ கரும்பாறை. நாமக்கல், சேலம், ஈரோடு, திருப்பூர்னு பெரும்பாலும் இதே அமைப்பு தான், அதனால நான் சொல்றது இந்த மாதிரி பாறை நிலத்துக்கு. கடற்கரையில இருக்குறவங்களுக்கு கடைசில தனியா எழுதியிருக்கேன்.

முதல்ல நீர்மட்டம்னா என்னன்னு

ஒரு கண்ணாடி டம்ளர்ல மணல நிரப்பி பாதி அளவு வர்ற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. ஒரு கோடு தெரியும், அதுக்கு கீழ மணல் இடுக்கு முழுக்க தண்ணி, மேல காத்து. அந்தக் கோடு தான் நீர்மட்டம். நிலத்துல ஒரு குழி வெட்டி விட்டா தண்ணி தானா ஊறி வந்து எந்த உயரத்துல நிக்குதோ அந்த உயரம். தரையில இருந்து அது எத்தன அடி கீழன்றத தான் நாம அளக்குறோம்.

டம்ளர்ல இன்னொண்ணும் கவனிங்க, கோட்டுக்கு மேலயும் கொஞ்ச தூரம் மணல் ஈரமா இருக்கும், ஆனா அங்க குழி பறிச்சா தண்ணி வராது, அந்த ஈரத்த மணலே பிடிச்சி வச்சிருக்கு. நிலத்துலயும் அப்படித்தான். எங்க கிணத்துல 29 அடியிலயே ஈர மண் வர ஆரம்பிச்சிடுச்சி, வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, ஆனா சுவத்துல இருந்து தண்ணி கசிஞ்சது 34 அடிக்கு அப்புறம் தான்.

நீர்மட்டம் எவ்வளவு தண்ணி கிடைக்கும்னு சொல்லாது, எந்த உயரத்துல இருக்குன்னு மட்டும் தான் சொல்லும். எவ்வளவுன்றது ஊறல பாத்து கண்டுபிடிக்கணும், அது ஸ்டெப் 3ல வருது.

ஸ்டெப் 1: அக்கம்பக்கத்து கிணத்த மே மாசத்துல அளங்க

ஜனவரில அளந்துட்டு கிணறு வெட்டாதீங்க. வடகிழக்கு மழை முடிஞ்ச உடனே மட்டம் ரொம்ப மேல இருக்கும். பக்கத்து காட்டு கிணத்துல ஜனவரில தரையில இருந்து 14 அடியில நின்ன தண்ணி மே மாசம் 38.5 அடிக்கு போயிடுச்சி, கிட்டத்தட்ட 25 அடி வித்தியாசம். கிணறு தாங்க வேண்டியது அந்த மே மாச மட்டத்த.

கருவின்னு பாத்தா எனக்கு புடிச்சது 30 மீட்டர் டேப், நுனியில கொத்தனார் வச்சிருக்குற தூக்குக்குண்டு, ஒரு சாக்பீஸ். டேப்போட கடைசி மூணு அடிக்கு சாக்பீஸ நல்லா தேச்சிட்டு தண்ணிக்குள்ள கொஞ்சம் போற வரைக்கும் இறக்கணும். மேல 43 அடி காட்டுது, இழுத்து பாத்தா கீழ 1.5 அடி நனைஞ்சிருக்குன்னா தண்ணி 41.5 அடியில. கயித்துல கல்லக் கட்டி விட்டு சத்தம் கேட்டு அளக்குறத விட இது எவ்வளவோ மேல், கயிறு நனைஞ்சா நீளம் மாறிடும். அளக்குறதுக்காக யாரும் பழைய கிணத்துக்குள்ள இறங்காதீங்க, பாழடைஞ்ச கிணத்துல அடியில காத்து இல்லாம மயங்கி விழுந்துருவாங்க, மேல நின்னே அளக்கலாம்.

அளக்கும் போது கைப்பிடிச் சுவர் மேல தான டேப்ப வைப்போம், அந்த சுவர் உயரத்த கழிக்கணும். சுவர் 3 அடின்னா 41.5ல 3 போக தரையில இருந்து 38.5 அடி.

காலையில மோட்டார் போடுறதுக்கு முன்னாடி அளங்க. கிழக்க ஓடப் பக்கம் இருக்குற இன்னொரு கிணத்த நான் முதல்ல சாயங்காலம் மோட்டார் நிறுத்தின கையோட போய் அளந்துட்டேன், 38 அடி வந்துச்சி, மறுநாள் காலையில அதே கிணறு 29 அடி. சாயங்காலம் பாத்தது இறைச்சி இறங்கின மட்டம், அத நிலத்தோட நீர்மட்டம்னு எடுத்துக்கக் கூடாது.

ஸ்டெப் 2: போர்ல நிக்கிற தண்ணிய கணக்குல சேக்காதீங்க

நான் மாட்டினது இங்க தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நாங்க கிணறு வெட்ட பாத்த இடத்துக்கு பக்கத்துலயே சித்தப்பாவோட போர் இருக்கு. 420 அடி ஆழம், 60 அடிக்கு கேசிங், 310 அடியில தான் தண்ணி பட்டுச்சாம். அந்த போர்ல மே மாசம் தண்ணி நின்னது 22 அடியில. நான் என்ன நெனச்சேன்னா, நீர்மட்டம் 22 அடி, 40 அடி வெட்டினா 18 அடி தண்ணி நிக்கும்னு. வேல செய்றவங்ககிட்டயும் 40 அடிக்கு தான் ரேட் பேசினேன். 22 தாண்டி, 25 தாண்டி, 33 அடி வரைக்கும் போயும் சொட்டு தண்ணி இல்ல. ஒரு வாரம் வேலைய நிறுத்தி வச்சிட்டோம், இடமே தப்போன்னு அப்பா ரொம்ப கவலப்பட்டாரு.

அப்புறம் வெட்ட வந்த பெரியவர் தான் சொன்னாரு, "தம்பி, போர்ல நிக்குற தண்ணி வேற, கிணத்துல நிக்குற தண்ணி வேற. போரு தண்ணி 310லருந்து முட்டிக்கிட்டு மேல வந்து நிக்குதுப்பா". அவர் சொன்னது அப்படியே சரி. 310 அடியில இருக்குறது பாறைக்குள்ள ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு எங்கயோ மேட்டுப் பக்கம் மழத்தண்ணி இறங்குற இடத்தோட தொடர்புல இருக்கும், அதனால உள்ள தண்ணி அழுத்தத்தோட இருக்கு. போர் போட்டு ஓட்ட விழுந்ததும் அந்த அழுத்தம் தண்ணிய குழாய்க்குள்ள 22 அடி வரைக்கும் தூக்கிடுச்சி. வெளியில மண்ணுலயும் இத்துப்போன பாறையிலயும் 22 அடியில தண்ணியே கிடையாது, கேசிங் போட்டு அந்த பகுதிய அடைச்சும் வச்சிருக்காங்க. ஆக போர்ல நான் பாத்த 22 அடி அந்த வெடிப்போட அழுத்தத்த தான் காட்டுச்சி, கிணத்துக்கு வேண்டிய நீர்மட்டத்த காட்டல.

இதுக்கு நேர்மாறான குழப்பமும் இருக்கு, "இந்த ஏரியால தண்ணி 600 அடிக்கு போயிடுச்சி"ம்பாங்க. அது பெரும்பாலும் ட்ரில் போகும் போது தண்ணி பட்ட ஆழம், அதுவும் நீர்மட்டம் இல்ல. ஒருத்தர் ஒரு நம்பர் சொன்னா அது தண்ணி பட்ட ஆழமா, இப்ப நிக்கிற ஆழமா, மோட்டார் இறக்கின ஆழமான்னு கேட்டுக்கோங்க, மூணையும் மக்கள் ஒரே மாதிரி தான் சொல்றாங்க.

ஸ்டெப் 3: உங்க இடத்துக்கு மாத்துங்க, ஊறல் பாருங்க

பக்கத்து கிணத்துல 38.5 அடின்னா உங்க இடத்துலயும் 38.5னு அர்த்தம் இல்ல, தரை மேடு பள்ளமா இருக்கும். இதுக்கு கொத்தனாருங்க லெவல் பாக்குற ட்யூப்ல தண்ணி ஊத்தி கட்டம் கட்டமா பாத்துக்கிட்டே போறது தான் பெஸ்ட். போன்ல காட்டுற உயரத்த நம்பாதீங்க, அதுல வர்ற தப்பே உங்க மொத்த வித்தியாசத்த விட அதிகமா இருக்கும்.

எங்க கணக்கு இது. மேற்க இருக்குற கிணறு எங்க இடத்த விட 6 அடி மேட்டுல, அங்க தண்ணி 38.5 அடியில, அப்ப எங்க தரையில இருந்து பாத்தா 32.5 அடி. கிழக்க ஓடப் பக்கம் இருக்குற கிணறு எங்கள விட 9 அடி பள்ளத்துல, அங்க காலையில 29 அடி, சுவர் 2.5 அடி போக 26.5, அதோட 9 சேத்தா 35.5 அடி. மட்டம் மேற்குல இருந்து ஓடைய பாத்து 3 அடி சரியுது, எங்க இடம் ரெண்டுக்கும் ஏறக்குறைய நடுவுல, அப்ப 34 அடி. நின்னு போன கிணத்த மறுபடி வெட்டினப்ப கசிவு ஆரம்பிச்சதும் அந்த 34ல தான்.

ஊறலுக்கு அந்த சாயங்கால அளவு இங்க உதவுச்சி. 38ல இருந்து 29க்கு ராத்திரி 14 மணி நேரத்துல 9 அடி ஏறியிருக்கு. கிணறு 20 அடி வட்டம், அதாவது ஒரு அடி உயரத்துக்கு 314 கன அடி, 9 அடிக்கு சுமார் 2,800 கன அடி, லிட்டர்ல 80,000 சொச்சம். மணிக்கு அஞ்சாயிரத்து எழுநூறு லிட்டர் வாக்குல. ஆரம்பத்துல வேகமா ஊறும், மேல வர வர குறையும், அதனால இது சராசரி தான்.

ஸ்டெப் 4: வெட்டலாமா வேணாமா

இப்ப ஒரே ஒரு விஷயம் பாருங்க, கரும்பாறை எத்தன அடியில ஆரம்பிக்குது. பக்கத்து கிணத்துச் சுவத்த பாத்தாலே தெரியும், எங்க பக்கம் 46 அடி. கிணத்துக்கு தண்ணி விடுறது அந்த இத்துப்போன பாறை தான், கரும்பாறையில வெடிப்பு இருந்தா தான் உண்டு. மே மாசம் மட்டம் 34, பாறை 46, அப்ப கோடையிலயும் 12 அடி உயரத்துக்கு சுத்தி ஊறல் இருக்கும்னு தைரியமா வெட்டினோம். 46ல நிறுத்தாம 52 வரைக்கும் போனோம், கீழ இருக்குற அந்த 6 அடி ராத்திரி ஊறுற தண்ணி சேந்து நிக்கிறதுக்கான தொட்டி மாதிரி. அடுத்த மே மாசம் அளந்தப்ப தண்ணி 36 அடியில நின்னுச்சி.

அப்டேட்: ஒருத்தர் மத்திய அரசோட நீர்வள விவரம் போடுற India-WRIS சைட்ல அவங்க ஊருக்கு 10.4னு போட்டிருக்கு, பத்தே அடியில தண்ணியான்னு கேட்டிருந்தாரு. அங்க போடுறது mbgl, தரைக்கு கீழ எத்தன மீட்டர்ன்னு. 10.4 மீட்டர்னா 34 அடி. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு அளக்குறாங்க, மே மாச நம்பர எடுத்துக்கோங்க, அந்த அளவு கிணறுல எடுத்ததா போர்ல எடுத்ததான்னும் பாருங்க.

அப்டேட் 2: கடலோரத்துல இருந்து ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. அங்க மணல்ல மட்டம் பெரும்பாலும் மேலயே இருக்கும், ஆனா நல்ல தண்ணி கீழ இருக்குற உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது. அங்க ஆழமா போனா உப்பு மேல ஏறிடும், ஆழம் கம்மியா அகலமா வெட்டி கொஞ்சம் கொஞ்சமா இறைக்கிறது தான் வழி.

அப்டேட் 3: இன்னொரு அண்ணன் அளந்து அனுப்பினது, மே மாசம் மட்டம் 41 அடி, கரும்பாறை 30 அடியிலயே ஆரம்பிக்குது. அவர் ஜனவரில பாத்த 12 அடிய வச்சி அட்வான்ஸ் குடுக்க இருந்தாரு. வேணாம்னு சொல்லிட்டேன் அண்ணா, கோடையில மட்டம் பாறைக்குள்ள போயிடுது, மேல இருக்குற 30 அடியும் காஞ்சிடும், நாலு மாசம் தண்ணி நிக்குற கிணத்துக்கு அவ்வளவு காசு போடாதீங்க. அவரு இப்ப ஓடக்கரையில இருக்குற இன்னொரு துண்டு நிலத்துக்கு பக்கத்துக் கிணறுகள அளந்துட்டு இருக்காரு, நம்பர் வந்ததும் இங்கயே போடுறேன்.