தோட்டப் படத்தில் வளர்ச்சியையும் நிழலையும் காட்டும் முறை

நாற்றங்காலில் வாடிக்கையாளருக்குத் தோட்டப் படம் வரைந்து கொடுப்பவர்கள், செடிகள் முழுமையாகப் பூத்திருக்கும் ஒரே காட்சியைக் காட்டுவது வழக்கம். அப்படம் விற்பனைக்கு உதவலாம், நடுவதற்கு உதவாது. மனையை ஒரே இடத்தில் நின்று எடுத்த ஒளிப்படத்தின் மீது, நட்ட நாள், மூன்றாம் ஆண்டு, முழு வளர்ச்சி என மூன்று அடுக்குகளைத் தனித்தனியாக வரையுங்கள். ஒவ்வொரு மரத்தின் முழு அகலத்தையும், பட்டியலைப் பார்த்து அல்ல, அதே ஊரில் நிற்கும் முதிர்ந்த மரத்தை அளந்தே குறிப்பது நல்லது.

சரக்கொன்றையை எடுத்துக்கொண்டால், பூக்கும் ஏப்ரல், மே படத்தோடு அதற்குச் சற்று முன்பு இலையுதிர்ந்து நிற்கும் படத்தையும் சேர்க்க வேண்டும். இல்லையெனில் மரம் பட்டுவிட்டது என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

நிழலையும் பருவந்தோறும் மாற்றி வரைய வேண்டும். சென்னையில் 6 மீட்டர் உயர மரத்தின் நண்பகல் நிழல், டிசம்பர் பிற்பகுதியில் வடக்கே ஏறத்தாழ 4.4 மீட்டர் நீள்கிறது. ஜூன் பிற்பகுதியிலோ தெற்கே ஒரு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே கோடையில் வரைந்த படத்தை நம்பி அம்மரத்தின் வடபுறம் ரோஜா நட்டால், மார்கழியில் அதற்கு வெயில் போதாமல் மொட்டுகள் குறையும்.