பிளைண்ட் கவுண்ட்: தாளிலும் மறு எண்ணிக்கையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்குப் புத்தகத்தில் உள்ள இருப்பை எண்ணுபவருக்குக் காட்டாமல் சரக்கை எண்ணவைப்பதுதான் பிளைண்ட் கவுண்ட். அந்தப் புத்தக இருப்பை எண்ணும் தாளில் அச்சிடக்கூடாது என்பது புதிதாக ஸ்டாக் எடுப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்த எண் வேறு வழிகளில் எண்ணுபவரின் காதுக்குப் போய்விடுகிறது.

இருப்பு உள்ள பொருட்களை மட்டும் அச்சிடுவது

கணக்கில் பூஜ்யமாக உள்ளவற்றை விட்டுவிட்டால், ரேக்கில் கிடக்கும் சரக்கை எழுத இடமிருக்காது. அந்த இடத்துக்கு உரிய எல்லாப் பொருளையும் அச்சிட்டு, கீழே ஐந்தாறு வெற்று வரிகள் விடுங்கள்.

மொத்தம் என்ற கட்டம்

வேண்டாம். முழுப் பெட்டி, பெட்டிக்கு எத்தனை, உதிரி ஆகிய மூன்று கட்டங்கள் போதும். 'பெட்டிக்கு எத்தனை' என்பதைப் பெட்டியின் மேல் பார்த்து எழுத வேண்டும், முன்கூட்டியே அச்சிடக்கூடாது. கம்பெனி 48-ஐ 36 ஆக்கியிருந்தால் அது இங்கேதான் தெரியும். பெருக்கலை அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

வித்தியாசத்தைச் சொல்லி மறுபடி எண்ண அனுப்புவது

இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு சோப்புக் குடோனை எடுத்துக்கொள்வோம். B-07 என்ற ரேக்கில் புத்தகப்படி 24 பெட்டி, பெட்டிக்கு 48, ஆக 1,152. முதல் ஆள் 23 பெட்டி எழுதுகிறார். "ஒரு பெட்டி குறையுது, நல்லா பாருப்பா" என்று இன்னொருவரை அனுப்புகிறார்கள். அவர் எண்ணுவதில்லை, தேடுகிறார். கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கு உள்ள மூலையில் அதே சோப்பு ஒரு பெட்டி கிடைக்கிறது. 24 என்று எழுதிவிடுகிறார். அந்தப் பெட்டி ரிட்டர்ன் தாளில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. இரண்டு தாளும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றன, காணாமல்போன 48 சோப்பு மறைந்துவிடுகிறது. அடுத்த முறை ஸ்டாக் எடுக்கும்போது குறை தெரியும், எப்போது போனது என்று மட்டும் தெரியாது.

ஆகவே விதியை இப்படி எழுதுங்கள். மறு எண்ணிக்கைக்கு வேறு ஆள், புது எண்ணிட்ட தாள். முதல் எண்ணும் வித்தியாசமும் அதில் இருக்கக்கூடாது. அந்த ஒரு பொருளை மட்டுமல்ல, B-07 முழுவதையும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்தால் அதுவே முடிவு. புத்தகத்தோடு ஒத்தால்தான் நிறுத்துவோம் என்றால் அது எண்ணிக்கையே அல்ல. ஒத்துவராவிட்டால் மேற்பார்வையாளர் மூன்றாவதாக எண்ணட்டும். அதுவும் முந்தைய இரண்டில் எதனோடும் சேராவிட்டால் அடுக்கைக் கலைத்து மூவரும் சேர்ந்து எண்ணட்டும். ரசீது, டெலிவரி சலான் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறு எண்ணிக்கைப் பட்டியலில் வித்தியாசம் வந்த இடங்கள் மட்டும் இருந்தால் அதுவே துப்பு. இருபது இடம் போனால், சரியாக வந்த ஐந்து இடங்களையும் கலந்து அனுப்புங்கள்.

கூடுதலை விட்டுவிடுவது

மறுபடி எண்ண அனுப்ப, குறைக்கு என்ன வரம்போ, கூடுதலுக்கும் அதே.

பென்சில்

பேனா மட்டும். தவறினால் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். கொடுத்த தாள் எண்கள் எல்லாம், கெட்டுப்போனவை உட்பட, திரும்பி வரும்வரை சரக்கு நகர அனுமதி இல்லை.