சிசி லிமிட் ரினியூவல்: மார்ச் மாத ஸ்டாக் கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

சிசி எனும் கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதாமாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பெரும்பாலும் சடங்காகத்தான் நினைக்கிறார்கள். போன மாதத் தாளில் இரண்டு எண்களை மாற்றினால் வேலை முடிந்தது. வருடாந்திர மறுஆய்வில் அந்த மார்ச் தாளும் ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போதுதான் சிக்கல் தெரியும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மார்ச் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு 80 லட்சம், பேலன்ஸ் ஷீட்டில் 62 லட்சம். இடையில் உள்ள 18 லட்சத்தைத் தேடினால் மூன்று காரணங்கள் கிடைக்கின்றன. மார்ச் கடைசியில் பில் போட்டு அனுப்பிய 10 லட்சம் சரக்கு, வரவேண்டிய பாக்கியிலும் இருக்கிறது, ஸ்டாக்கிலும் இருக்கிறது. தைத்து முடித்த துணிகளை அடக்க விலைக்குப் பதில் விற்பனை விலையில் எழுதியதால் 4 லட்சம் கூடிவிட்டது. மீதி 4 லட்சம், வேறொரு பார்ட்டி ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த துணி. அது நம்முடையதே இல்லை. மார்ஜின் 25 சதவீதம் என்றால், இந்த 18 லட்சத்தைக் காட்டி டிராயிங் பவர், அதாவது கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகை, 13.5 லட்சம் கூடுதலாக வாங்கியாகிவிட்டது. “தோராயமாகப் போட்டோம் சார்” என்பது பதிலாகாது. வருமான வரித்துறை கண்ணில் பட்டால், கணக்கில் காட்டாத சரக்கு என்ற கேள்வியும் வரலாம். மேலே சொன்ன மாதிரி வித்தியாசத்தைப் பிரித்து ஒரு பக்கத்தில் எழுதி, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கரன்ட் ரேஷியோ, அதாவது நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தால் வரும் எண். பல வங்கிகள் 1.33ஐ எதிர்பார்க்கும். அதற்குக் கீழே இறங்கினாலே பதறி, “மார்க்கெட் டல்” என்று பொதுவாகச் சொல்வது தவறு. ஏன் இறங்கியது என்பதுதான் முக்கியம்.

நடப்புச் சொத்து 140 லட்சம், நடப்புக் கடன் 100 லட்சம் என்றால் ரேஷியோ 1.40. மார்ச்சில் பெரிய ஆர்டர் ஒன்று போனதால் இரண்டு பக்கமும் 60 லட்சம் கூடினால் 200க்கு 160, அதாவது 1.25. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதே 40 லட்சம்தான். ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பணம் வந்ததை பேங்க் ஸ்டேட்மென்ட்டில் காட்டினால் போதும்.

அதுவே சிசி பணத்தில் 20 லட்சத்துக்கு மெஷின் வாங்கியிருந்தால்? 140க்கு 120, ரேஷியோ 1.17. இங்கே வித்தியாசமே 20 லட்சமாகக் குறைந்துவிட்டது. குறுகிய காலக் கடனை நிரந்தரச் சொத்தில் முடக்கியதை அதிகாரி உடனே கண்டுபிடிப்பார், மறைப்பதில் பயனில்லை. மெஷின் பில்லை வைத்து டேர்ம் லோன் கேளுங்கள், அல்லது எவ்வளவு சொந்த முதல் எப்போது வரும் என்று எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், ஆடிட் முடியட்டும் என்று ரினியூவலை இழுத்தடிக்காதீர்கள். கெடு தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லிமிட் புதுப்பிக்கப்படாவிட்டால், வட்டி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கணக்கு வாராக்கடன்தான். ஆடிட் தாமதமானால் தற்காலிகக் கணக்கையாவது முதலில் கொடுத்துவிடுங்கள்.