வங்கிக்குப் போகும் முன் இனிஷியலைப் பாருங்கள்

(நெருக்கக் காட்சி: மாதிரி ஆதார், பான் அட்டைகள். எண்கள் மறைக்கப்பட்டுள்ளன.)

குரல்: ஆதாரில் ‘செல்வி மு’. பானில் ‘செல்வி முருகன்’. ஆள் ஒருவர்தான், ஆனாலும் பெயர் பொருந்தவில்லை என்று வங்கிக் கணக்கு தொடங்கும் விண்ணப்பம் நின்றுவிடலாம். பானுக்கு இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் வரும் சிக்கல் இது. முதலில் ஆதாரை பான்போலத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

(விரல் விண்ணப்பத்தின் பெயர்க் கட்டங்களில் நகர்கிறது.)

குரல்: இங்கேயும் அதே எழுத்துகள், கட்டத்துக்கு ஒன்று. பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு கட்டம் காலி.

(நாமினி பகுதி.)

குரல்: இதை நிரப்பாமல் விடாதீர்கள். மினிமம் பேலன்ஸ் வைக்க முடியாதென்றால், ‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.